'தானே' போன பிறகும் 'லீடிங்' என்கிறார்களே?

கேள்வி: சட்டக் கல்லூரியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறேன். மாதிரி விசாரணைத் தேர்வில் நான் அரசுத் தரப்பு. சங்கிலிப் பறிப்பு வழக்கு. பஸ் ஸ்டாப்பில் நடந்ததைப் பார்த்த பூக்காரப் பெண்தான் என் சாட்சி, அந்த வேடத்தில் என் வகுப்புத் தோழி. ஒத்திகையில் நான் மூன்று கேள்வி கேட்பதற்குள் எதிர்த்தரப்பு 'லீடிங்', அதாவது பதிலை நானே சாட்சிக்கு ஊட்டுகிறேன் என்று எழுந்துவிடுகிறது. 'தானே', 'இல்லையா' எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், அப்படியும் எழுகிறார்கள். சரி என்று "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டால், தோழி பாதியை விட்டுவிடுகிறாள். பைக் நம்பரையே மறந்துவிடுகிறாள். எனக்கு 15 நிமிடம்தான். வழக்குத் தாளையும் என் கேள்விப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: 'தானே'யை எடுத்தது சரிதான். ஆனால் அது கேள்வியின் வாலில் இருந்த தொல்லை. உங்கள் பட்டியலில் தொல்லை நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நான்காவது கேள்வியைப் பாருங்கள்: "பைக்கிலிருந்து இறங்கி வந்த எதிரி எந்தக் கையால் சங்கிலியைப் பறித்தார்?" 'எந்த' என்று கேட்கும் கேள்வி, ஆம் இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்வி. புத்தகத்தில் படித்தபடி பார்த்தால் பாதுகாப்பானதுதான். ஆனால் பைக் ஒன்று வந்தது, அதிலிருந்து ஒருவர் இறங்கினார், அவர்தான் குற்றம் சாட்டப்பட்ட இந்த எதிரி, அவர் சங்கிலியைப் பறித்தார் என்ற நான்கையும் சொன்னது யார்? நீங்கள். சாட்சிக்கு மிச்சம் இருப்பது "வலது கை" என்ற இரண்டு சொல்தான். இந்த வழக்கே அந்த நான்கில் மூன்றாவதைப் பற்றியது என்னும்போது, எதிர்த்தரப்பு எழாமல் இருந்தால்தான் தப்பு.

தமிழில் விசாரணை செய்கிறவர்களுக்கு இது தனித் தொல்லை. நம் பெயரெச்சம் அப்படிப்பட்டது. 'இறங்கி வந்த', 'கத்தியைக் காட்டிய', 'தப்பி ஓடிய' என்று ஒரு பெயருக்கு முன்னால் எதை வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம், ஒட்டியது கேட்பவருக்கே தெரியாது. ஆகவே ஒவ்வொரு கேள்வியையும் எழுதியதும் பெயர்ச்சொற்களுக்கு முன்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். அதைச் சாட்சி ஏற்கெனவே சொல்லியிருக்கிறாரா? சொல்லாவிட்டால் வெட்டுங்கள், அல்லது அதைத் தனிக் கேள்வியாக்கி முன்னால் கொண்டுபோங்கள்.

சட்டம் சொல்வதும் இதைத்தான். பழைய சாட்சியச் சட்டத்தின் 141, 142, 143 ஆகிய மூன்று பிரிவுகளும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 146 என்ற ஒரே பிரிவாகியிருக்கின்றன. கேட்பவர் எந்தப் பதிலை விரும்புகிறாரோ, எதிர்பார்க்கிறாரோ, அதைக் காட்டிக்கொடுக்கும் கேள்விதான் லீடிங். ஆம் இல்லை என்ற பேச்சே அதில் கிடையாது. "அன்று மாலை நீங்கள் கடை போட்டிருந்தீர்களா?" என்பதற்கு ஆம் என்றுதான் பதில் வரும். ஆனால் அன்று அவர் அங்கே இருந்தார் என்பதை யாரும் மறுக்கவில்லை என்றால் அதைத் தாராளமாகக் கேட்கலாம். அறிமுகத்துக்கான விஷயங்கள், தகராறு இல்லாத விஷயங்கள், ஏற்கெனவே போதிய அளவு நிரூபணமானவை ஆகியவற்றில் லீடிங்கை நீதிமன்றம் அனுமதிக்கத்தான் வேண்டும் என்று அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது.

இதை நீங்கள் பயன்படுத்தவே இல்லை. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்", "என்ன தொழில் செய்கிறீர்கள்", "எங்கே செய்கிறீர்கள்", "எத்தனை வருடமாக" என்று நான்கு திறந்த கேள்விகளில் இரண்டு நிமிடம் போகிறது. "நீங்கள் அந்தப் பஸ் ஸ்டாப்பில் ஒன்பது வருடமாகப் பூ விற்கிறீர்கள், சரியா?" என்று ஒரே கேள்வியில் முடியுங்கள். எதிர்த்தரப்பு எழுந்தால் "இது அறிமுகம், தகராறில் இல்லாதது, 146(3)" என்று ஒரு வரி போதும். பயந்துபோய் எல்லாவற்றையும் திறந்து கேட்கிற மாணவரும் மதிப்பெண் இழக்கிறார்.

அப்படியானால் தகராறு எதில்? உங்கள் வழக்குத் தாளைப் படித்தேன். சங்கிலி பறிபோனதை எதிர்த்தரப்பு மறுக்கவில்லை. "அது நான் இல்லை" என்பதுதான் அவர்கள் வாதம். ஆக உங்கள் 15 நிமிடத்தில் 10 நிமிடம் மூன்று விஷயத்துக்குப் போக வேண்டும்: வெளிச்சம், தூரம், முகம். நான்காவதாக பைக் நம்பர். சங்கிலி எத்தனை பவுன், பறிகொடுத்தவர் எப்படி அழுதார் என்பதெல்லாம் அவர் வந்து சொல்லிக்கொள்வார், பூக்காரர் வாயிலிருந்து வேண்டாம்.

வெளிச்சத்துக்கு நீங்கள் எழுதியிருப்பது "அங்கே நல்ல வெளிச்சம் இருந்ததா?" இதில் 'நல்ல' என்ற சொல் மாட்டிக்கொள்ளும். "வெளிச்சம் இருந்ததா, இல்லையா?" என்று மாற்றினால் சிலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள். அந்தச் சண்டை எதற்கு? நான் கேட்டால் இப்படிப் போகும்:

"இனி அந்த இடத்தைப் பற்றிக் கேட்கிறேன். நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?"
"பஸ் ஸ்டாப் ஓரம், கம்பத்தடியில்."
"என்ன கம்பம்?"
"லைட்டுக் கம்பம்தான்."
"அன்று மாலை ஏழேகால் மணிக்கு அந்த லைட் எப்படி இருந்தது?"
"எரிஞ்சுது. அந்த வெளிச்சத்திலதான் பூ கட்டிட்டிருந்தேன்."

கவனித்தீர்களா, 'வெளிச்சம்' என்ற சொல்லைச் சாட்சிதான் முதலில் சொன்னார், அதுவும் எப்படி? பூ கட்டுமளவு வெளிச்சம் என்று, தன் தொழிலை வைத்து. நீங்கள் 'நல்ல வெளிச்சம்' என்று ஊட்டி அவர் 'ஆமாம்' என்றிருந்தால் நீதிபதியின் குறிப்பில் ஒரு ஆமாம்தான் இருந்திருக்கும். முதலில் வந்த "இனி அந்த இடத்தைப் பற்றிக் கேட்கிறேன்" என்பது கேள்வியே இல்லை, தலைப்பு. அதில் உண்மை எதையும் நீங்கள் சொல்லாததால் யாரும் ஆட்சேபிக்க முடியாது. உங்கள் தோழி பாதியை விட்டுவிடுகிறாள் என்றீர்களே, பெரும்பாலும் காரணம் இந்தத் தலைப்பு இல்லாததுதான். "என்ன நடந்தது?" என்பது திறந்த கேள்வி இல்லை, வெட்டவெளி. எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று சாட்சிக்குத் தெரியாது. "பஸ் வந்து நின்றதிலிருந்து அந்த அம்மா கத்தியது வரை நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்" என்றால் இரண்டு பக்கமும் வேலி இருக்கிறது, நடுவில் இருப்பது சாட்சியுடையது. பஸ் வந்ததும் அந்த அம்மா கத்தியதும் அதற்கு முன்பே பதிலில் வந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அடுத்து, சாட்சி ஒரு சொல்லைக் கொடுத்தால் அதையே அடுத்த கேள்விக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். மேலே திட்டிய அதே பெயரெச்சம் இப்போது உங்களுக்கு வேலை செய்யும்.

"அப்போது யாரைப் பார்த்தீர்கள்?"
"கருப்புச் சட்டை போட்ட ஒரு ஆள் அந்தம்மா பின்னால வந்தான்."
"நீங்கள் சொன்ன அந்தக் கருப்புச் சட்டைக்காரர் அப்புறம் என்ன செய்தார்?"
"கழுத்தில கைய வச்சு இழுத்தான்."
"இழுத்தபோது அவருக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம்?"
"இதோ, இங்கிருந்து அந்த மேசை வரைக்கும்."

இங்கே நிறுத்தி, நீதிபதி பக்கம் திரும்பி, "சாட்சி காட்டும் தூரம் சுமார் பத்து அடி என்று பதிவு செய்யக் கோருகிறேன்" என்று சொல்லுங்கள். 'இங்கிருந்து அங்கே' என்பது வாக்குமூலத் தாளில் ஒன்றுமே இல்லை. கையால் காட்டியது, தலையாட்டியது எல்லாம் இப்படித்தான் காணாமல் போகும். ஒத்திகையில் இதை யாரும் கவனிப்பதில்லை, தேர்வாளர் கவனிப்பார்.

'இழுத்தான்' என்று அவர் சொன்ன பிறகு நீங்கள் 'பறித்தபோது' என்று கேட்காதீர்கள். ஒரே பொருள்தானே என்று தோன்றும். ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவில் 304ஆம் பிரிவாகப் பறிப்பு தனிக் குற்றமாகவே வந்துவிட்டது. சாட்சி சொல்லாத குற்றப் பெயரை நீங்கள் சொன்னால் "சாட்சியின் பதிலைத் திரிக்கிறார்" என்று எழுவார்கள், அதுவும் நியாயமாகவே. அவர் சொல்லே இருக்கட்டும். அதற்காக ஒவ்வொரு பதிலையும் "ஓ, கருப்புச் சட்டை... ம், இழுத்தார்..." என்று எதிரொலித்துக்கொண்டும் இருக்க வேண்டாம். நான் ஜூனியராக இருந்த முதல் வருடம் அந்தப் பழக்கம் எனக்கு இருந்தது. ஒரு நாள் செஷன்ஸ் நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எது சாட்சி சொன்னது, எது நீங்கள் சொன்னது என்று பிரித்துக் கொடுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார். அன்றோடு விட்டது.

முகத்துக்கு வருவோம். வழக்குத் தாளில் இடது புருவத்தின் மேல் தழும்பு என்று இருக்கிறது. "அவர் முகத்தில் தழும்பு இருந்ததா?" என்று கேட்டால் முடிந்தது. அதை எடுப்பதற்கான வழி, அகலத்திலிருந்து குறுகலுக்குப் போவது: "எவ்வளவு நேரம் முகத்தைப் பார்த்தீர்கள்?", "முகம் எப்படி இருந்தது?", "அதில் குறிப்பாக எதையாவது கவனித்தீர்களா?" இந்தக் கடைசிக் கேள்விக்கும் ஆம் இல்லை என்று பதில் வரலாம், ஆனால் எது என்று நீங்கள் காட்டிக்கொடுக்கவில்லை. இங்கே தழும்பு வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் "புருவத்துக்கு மேலே?" என்று இன்னும் ஒரு படி இறங்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். இறங்காதீர்கள். நீங்கள் ஊட்டி வந்த தழும்பு குறுக்கு விசாரணையில் நிற்காது. அதைவிட அடையாள அணிவகுப்பில் அவர் காட்டியதை வைத்துக்கொண்டு நகர்வது மேல்.

பைக் நம்பர் வேறு கதை. அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, உங்கள் வழக்குத் தாளை எழுதியவர் அதற்காகவே ஒரு வரி வைத்திருக்கிறார்: பைக் போனதும் பூக்காரர் நம்பரைக் கணக்கு நோட்டில் எழுதினார். நீங்கள் அதைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். சாட்சி மறந்தால் நல்லதுதான் என்றே சொல்வேன், தேர்வில் நினைவூட்டலைச் செய்து காட்ட வாய்ப்பு கிடைக்கிறது. நடந்த நேரத்திலோ, நினைவு மங்காத அளவு உடனடியாகவோ சாட்சி தானே எழுதியதைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள சாக்ஷிய அதினியத்தின் 162ஆம் பிரிவு விடுகிறது. ஆனால் படிகளை வரிசையாகப் போட வேண்டும். முதலில் அவர் வாயிலிருந்து மறதி வர வேண்டும்:

"பைக்கின் நம்பர் என்ன?"
"இப்ப சரியா ஞாபகம் இல்லைங்க."
"அன்று அந்த நம்பரைப் பார்த்ததும் என்ன செய்தீர்கள்?"
"என் கணக்கு நோட்டுல எழுதினேன்."
"எப்போது எழுதினீர்கள்?"
"பைக் அந்தப் பக்கம் திரும்பினதுமே."
"அதைப் பார்த்தால் நம்பரைச் சொல்ல முடியுமா?"
"முடியும்."

இதன் பிறகுதான் நோட்டைக் கையில் எடுக்க வேண்டும். நேராகச் சாட்சியிடம் நீட்டக் கூடாது. எதிர்த்தரப்பு வக்கீலிடம் முதலில் காட்டுங்கள். அதைப் பார்க்கவும், அதை வைத்துக் குறுக்கு விசாரணை செய்யவும் அவருக்கு 164ஆம் பிரிவு உரிமை தருகிறது. பிறகு நீதிபதியின் அனுமதி, பிறகு சாட்சி. அவர் பார்த்து, தானே நம்பரைச் சொல்ல வேண்டும். நீங்கள் படித்துக் காட்டிவிட்டு "இதுதானா?" என்று கேட்டால் இவ்வளவு தூரம் வந்ததெல்லாம் வீண்.

ஒரு எச்சரிக்கை. போலீஸ் விசாரணையில் பதிவான வாக்குமூலம் வழக்குக் கட்டுக்குள் இருக்கும், முன்பு 161 வாக்குமூலம் என்போம், இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 180. ஒத்திகையில் பலர் அதை எடுத்துச் சாட்சியிடம் நீட்டுகிறார்கள். அது கூடாது. முரண்பாட்டைக் காட்டுவதற்குத்தான் அது பயன்படும், அரசுத் தரப்பு தன் சாட்சிக்கு ஞாபகப்படுத்தவோ அவர் சொல்வதற்கு முட்டுக்கொடுக்கவோ அல்ல. 'சாட்சி பிறழ்ந்துவிட்டார்' என்று அறிவித்து, சாக்ஷிய அதினியத்தின் 157ஆம் பிரிவில் அனுமதி வாங்கிக் குறுக்கு விசாரணை செய்வது வேறு விஷயம். ஒரு நம்பரை மறந்ததற்காக நம் பக்கம் நிற்கிற சாட்சியை அந்த இடத்துக்குத் தள்ளாதீர்கள்.

மற்ற ஆட்சேபங்களில் உங்களுக்கு வரக்கூடியவை இரண்டு. ஒன்று கேள்விப்பட்டது. பட்டியலில் "பக்கத்து டீக்கடைக்காரர் என்ன சொன்னார்?" என்று இருக்கிறது. வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்கிறது 55ஆம் பிரிவு. டீக்கடைக்காரர் சொன்னது வேண்டுமென்றால் டீக்கடைக்காரர்தான் கூண்டில் ஏற வேண்டும். "அவர் பேசிய பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று தாண்டிப் போங்கள். அதே சமயம், சங்கிலி பறிபோன அம்மா அந்த நொடியில் "ஐயோ, திருடன்" என்று கத்தியது சம்பவத்தோடு பிரிக்க முடியாத ஒன்று, 4ஆம் பிரிவில் உள்ளே வரும். எழுந்தால் அந்தப் பதிலைச் சொல்லத் தயாராக இருங்கள். மற்றது அபிப்பிராயம். "அவன் தப்பிக்கத் திட்டம் போட்டே வந்திருந்தான்" என்று தோழி சொன்னால், நீங்களே முந்திக்கொண்டு, "எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "பைக் இன்ஜின் ஆஃப் ஆகவே இல்லை, இன்னொருத்தன் அதிலேயே உட்கார்ந்திருந்தான்" என்று வரும். அபிப்பிராயத்தை நீதிபதி தள்ளிவிட்டாலும் இன்ஜின் ஓடியது நிற்கும்.

ஆட்சேபம் வந்ததும் நீங்கள் செய்வது எதிர்த்தரப்புப் பெண்ணோடு வாக்குவாதம் செய்வது என்று கடிதத்தின் தொனியிலிருந்து ஊகிக்கிறேன். அவரைப் பார்க்கவே வேண்டாம். பேச்சை நிறுத்துங்கள், சாட்சியும் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லி வையுங்கள், ஏனென்றால் ஆட்சேபத்துக்கு நடுவே அவள் பதில் சொல்லிவிட்டால் அது உங்கள் கணக்கில்தான் விழும். அப்புறம் நீதிபதியிடம் மட்டும் பேசுங்கள். ஆட்சேபம் சரியென்று பட்டால் "கேள்வியை மாற்றிக் கேட்கிறேன்" என்பதோடு சரி. நான்காவது கேள்வியில் எழுந்தால் "சாலையில் அப்போது என்ன பார்த்தீர்கள்?" என்று ஒரு படி பின்னால் போக வேண்டும், 'எதிரி' என்பதை 'அவர்' என்று மட்டும் மாற்றி அதே கேள்வியைக் கேட்கக் கூடாது. மாணவர்கள் அதிகமாகச் சறுக்குவது இந்த இரண்டாவது முயற்சியில்தான்.

எதிர்த்தரப்பு எழாவிட்டால் லீடிங் கேட்டுக்கொள்ளலாமே என்று உங்கள் தோழர்கள் சொல்லியிருப்பார்கள். "எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால்" என்றுதான் பிரிவில் இருக்கிறது, உண்மை. ஆனால் வர்க்கி ஜோசப் எதிர் கேரள அரசு வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம், அரசு வழக்கறிஞர் தான் விரும்பும் சாட்சியத்தையே கேள்வியாக்கிச் சாட்சியை ஆம் இல்லை என்று மட்டும் சொல்லவைப்பதைக் கண்டித்திருக்கிறது. எதிரியின் நியாயமான விசாரணை உரிமையோடு அதை இணைத்துப் பார்த்தது. தேர்வாளருக்கும் எழுந்து ஆட்சேபிக்க வேண்டிய அவசியம் இல்லை, பேனா கையில் இருக்கிறது.

தோழியோடு இனி எப்படி ஒத்திகை பார்ப்பது? கேள்வி பதிலை மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். மனப்பாடம் செய்த சாட்சி, நீங்கள் ஆட்சேபத்தால் கேள்வியை மாற்றியதும் அடுத்த கேள்வியின் பதிலைச் சொல்லிவிடுவார். வழக்குத் தாளில் உள்ள அவள் வாக்குமூலத்தை அவளே இரண்டு முறை படிக்கட்டும். பிறகு நீங்கள் இடம், வெளிச்சம், ஆள், பைக் என்று தலைப்பை மட்டும் சொல்லி, ஒவ்வொரு முறையும் வேறு வேறு வார்த்தையில் கேளுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில், தெரியாவிட்டால் தெரியாது, தாளில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது. அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

எங்கே முடிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நம் ஊர் விசாரணை நீதிமன்ற வாக்குமூலங்களில் "ஆஜர் எதிரியைத் தெரியும்" என்பது முதல் வரியாகவும், "போலீசார் என்னை விசாரித்தார்கள்" என்பது கடைசி வரியாகவும் இருந்து பார்த்திருப்பீர்கள். உங்கள் பட்டியலும் அப்படியே இருக்கிறது. இந்த வழக்கில் அதைத் திருப்பிப் போடுங்கள். யார் என்பதே தகராறாக இருக்கும்போது, வெளிச்சமும் தூரமும் வருவதற்கு முன்னால் எதிரியைக் காட்டச் சொல்வதில் பயன் இல்லை. போலீஸ் விசாரித்ததையும் அணிவகுப்பையும் முன்னால் கேட்டு முடித்துவிட்டு, கடைசியாக "நீங்கள் சொன்ன அந்தக் கருப்புச் சட்டைக்காரர் இன்று இந்த நீதிமன்றத்தில் இருக்கிறாரா?" என்று கேளுங்கள். இருக்கிறார் என்றால் "எங்கே?" என்று மட்டும். அவர் கை நீட்டியதும் அதைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று பட்டியலின் அடியில் எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றைக்கே அடித்துவிடுங்கள்.